அரபு உயிர்க்குறிகள்: எதை விடலாம், எதை விடக்கூடாது

كتب என்று மூன்று எழுத்துகள் அச்சில் நிற்கின்றன. வலமிருந்து இடமாகக் காஃப், தா, பா. அரபு எழுத்துகளை இப்போதுதான் கற்று முடித்த தமிழர் இதைப் பார்த்ததும் "கதப" என்று படித்துவிடுவார். ஒருவேளை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சரியாக அமைந்தது தற்செயல்.

தமிழில் "க" என்று எழுதினால் அதற்குள் அகரம் உண்டு. அகரம் வேண்டாமென்றால் புள்ளி வைக்கிறோம், வேறு உயிர் வேண்டுமென்றால் கால், கொம்பு, சுழி சேர்க்கிறோம். குறி எதுவும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அரபில் அப்படி இல்லை. குறியில்லாத காஃப் "க" ஆகலாம், "கி" ஆகலாம், "கு" ஆகலாம், "க்" ஆகவும் ஆகலாம். எழுதியவர் அங்கே எதையும் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். தமிழ் படித்துப் பழகிய கண், வெற்றிடத்தை எல்லாம் அகரமாக நிரப்பிக்கொண்டே போகும். முதலில் இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று மெய்யெழுத்துகளையும் புள்ளியின்றியே எழுதினார்கள். எகரமா ஏகாரமா என்பதையும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். மொழி தெரிந்தவருக்கு அது தடையாக இருக்கவில்லை. அரபுச் செய்தித்தாள் படிப்பவரும் இன்று அதையேதான் செய்கிறார்.

குறிகள் எவை

குறில் உயிர்கள் மூன்றே. எழுத்தின் மேல் சாய்ந்த சிறு கோடு ஃபத்ஹா (அ), கீழே அதே கோடு கஸ்ரா (இ), மேலே சிறு வாவ் வடிவம் ளம்மா (உ). மக்தப்களில் சிலர் இவற்றை உருது வழியாக வந்த ஸபர், ஸேர், பேஷ் என்ற பெயர்களால் கற்றிருப்பார்கள். குறிகள் அவையேதான். காஃபுடன் சேர்த்தால் كَ க, كِ கி, كُ கு.

உயிரே இல்லை என்று காட்டும் சிறு வட்டம் சுகூன், அதாவது நம் புள்ளி: كْ க். சொல்லின் கடைசியில் குறி இரட்டையாக வந்தால் அது தன்வீன். உயிரோடு ஒரு "ன்" ஒலியும் சேரும்: கிதாபுன், கிதாபின், கிதாபன். பொதுவாக "ஒரு புத்தகம்" என்று குறிப்பிடாமல் சொல்லும்போது வரும் முடிவு இது.

ஷத்து என்னும் குறியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எழுத்தின் மேல் பல்வரிசை போல நிற்கும் ( ّ ). அந்த எழுத்து இரட்டிக்கிறது என்று பொருள்: முதலாவது ஒற்று, இரண்டாவது உயிரோடு. நாம் "ப்ப" என்று இரண்டாக எழுதுவதை அரபு ஒரே எழுத்தில் அடக்குகிறது. இதில் புதியவரின் கண்ணை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஷத்து உள்ள எழுத்துக்குக் கஸ்ரா வேண்டுமென்றால், பல அச்செழுத்துகளில் அந்தக் கோடு எழுத்துக்குக் கீழே போகாது. ஷத்துக்குக் கீழே, எழுத்துக்கு மேலே, இடையில் நிற்கும். எழுத்துக்கு மேல் கோடு தெரிகிறதே என்று அதை அகரமாகப் படித்துவிடுவார்கள். கோட்டை எழுத்தோடு ஒப்பிடாமல் ஷத்தோடு ஒப்பிடுங்கள். ஷத்துக்கு மேலே இருந்தால் அ, ஷத்துக்குக் கீழே இருந்தால் இ.

தமிழ் நாக்குக்கும் இங்கே ஒரு சிக்கல். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தகரத்தை நாம் மெலிதாக ஒலிப்போம். வல்லினமாக ஒலிக்க வேண்டுமென்றால் இரட்டித்துவிடுவோம். அதனால் كَتَبَ (எழுதினார்) என்பதை "கத்தப" என்று சொல்பவர்கள் பலர். அரபில் அது كَتَّبَ, "எழுத வைத்தார்" என்னும் வேறு வினை. இந்தக் கட்டுரையில் "கதப" என்று வரும் இடமெல்லாம் தகரத்தை வலிமையாக, ஆனால் ஒற்றையாக ஒலித்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளும் ஹம்ஸாவும் இந்தக் குறிகளின் கூட்டத்தில் சேராது. பாவின் கீழ்ப்புள்ளியும் தாவின் இரண்டு மேற்புள்ளிகளும் எழுத்தின் உறுப்புகள். குறிகளை நீக்கும்போது அவற்றைத் தொடக்கூடாது.

முதலில் விடக்கூடியவை

முழுக்கக் குறியிட்ட பாடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. அடுத்த எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் குறிகள் சில இருக்கின்றன. அவற்றை முதல் வாரத்திலேயே விட்டுவிடலாம்.

நெட்டுயிரைக் காட்ட அலிஃப், வாவ், யா ஆகிய மூன்று எழுத்துகள் வருகின்றன. இவற்றில் நெடில் அலிஃபுக்கு முன்னால் எப்போதும் ஃபத்ஹாதான். كتاب என்ற சொல்லில் தாவின் மேல் குறி இல்லாவிட்டாலும் அது "தா" என்றே படிக்கப்படும். சொல்லின் கடைசியில் வரும் தா மர்பூதாவுக்கு (ة) முன்னாலும் ஃபத்ஹாதான், அல்லது நெடில் அலிஃப். "அல்" என்ற முன்னொட்டின் குறிகளும் தேவையில்லை. அடுத்து வருவது தா, தால், ரா, ஸீன், நூன் போன்ற "சூரிய எழுத்து" என்றால் லாம் மறைந்து அந்த எழுத்து இரட்டிக்கும்: அத்தர்ஸ், அர்ரஜுல். மற்றவற்றுக்கு லாம் ஒலிக்கும்: அல்கிதாப். இரு வகையிலும் பதினான்கு பதினான்கு எழுத்துகள். மனப்பாடம் செய்துவிட்டால் அந்த இடத்தில் ஷத்தோ சுகூனோ தேட வேண்டாம்.

வாவும் யாவும் அலிஃபைப் போல நம்பத் தகுந்தவை அல்ல. نور என்பதில் வாவ் நெடில், "நூர்". ஆனால் يوم "யவ்ம்", بيت "பய்த்". குறியில்லாமல் பார்த்தால் இரண்டு வகையும் ஒன்று போலவே இருக்கும். அதனால் நெடில் ஊ, நெடில் ஈ முன்னால் வரும் குறியை விட்டுவிடலாம். வாவ், யாவுக்கு முன்னால் ஃபத்ஹா வரும் சொற்களில் மட்டும் அந்த ஃபத்ஹாவை இன்னும் சில மாதங்கள் வைத்திருங்கள்.

கடைசியில் தனியாக நிற்கும் அலிஃபும் ஏமாற்றும். شكرا என்று கண்டால் "ஷுக்ரா" அல்ல, "ஷுக்ரன்". "அன்" என்னும் தன்வீனைத் தாங்கவே அந்த அலிஃப் வந்திருக்கிறது. குறியிடாத உரையில்கூட இந்தத் தன்வீனை மட்டும் பலர் எழுதிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

மீதியை அரபு வாசகர் எப்படி நிரப்புகிறார்

பெரும்பாலான அரபுச் சொற்கள் மூன்று மெய்களின் வேரிலிருந்து, முன்பே நிலைத்த அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. க-த-ப என்ற வேர் எழுதுதலைச் சுட்டும். முன்னால் மீம், நடுவில் வாவ் சேர்ந்து مكتوب என்று வந்தால் அச்சு ஒன்றுதான்: மக்தூப், எழுதப்பட்டது. முதல் எழுத்துக்குப் பின் அலிஃப் வந்து كاتب என்றிருந்தால் காதிப், எழுதுபவர். நீள எழுத்துகள் எங்கே நிற்கின்றன என்பதே குறில்கள் எவை என்று சொல்லிவிடுகிறது. வாசகர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை. சொல்லின் உருவத்தைப் பார்த்து அச்சை அடையாளம் காண்கிறார்.

இதே காரணத்தால்தான் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களில் குறிகள் விடாமல் இடப்பட்டன. தமிழ்ச் சொற்களுக்கு அந்த அச்சுகள் இல்லை. குறியை எடுத்துவிட்டால் ஊகிக்க வழியில்லை. அரபில் இல்லாத எகர ஒகரத்துக்குத் தனிக் குறியே உண்டாக்க வேண்டியிருந்தது.

நீள எழுத்து எதுவும் இல்லாத மூன்றெழுத்துச் சொற்களில் மட்டும் உருவம் கைகொடுக்காது. அங்கே வாக்கியம்தான் முடிவு செய்யும். தொடக்கத்தில் பார்த்த كتب என்பதையே எடுத்துக்கொள்வோம். அது கதப (எழுதினார்), குதிப (எழுதப்பட்டது), குதுப் (புத்தகங்கள்), கத்தப (எழுத வைத்தார்) என எதுவாகவும் இருக்கலாம்.

كتب المدرس என்று இரண்டு சொல் படித்தாலும் ஐயம் தீராது. "ஆசிரியர் எழுதினார்" என்றும் "ஆசிரியரின் புத்தகங்கள்" என்றும் கொள்ளலாம். மூன்றாவது சொல்லுக்குப் போங்கள்.

كتب المدرس الدرس: மூன்றாவது சொல் "பாடம்". எழுதியவர் இருக்கிறார், எழுதப்பட்டதும் இருக்கிறது. வினை வேண்டும். கதப அல்-முதர்ரிஸு அத்தர்ஸ: ஆசிரியர் பாடத்தை எழுதினார். (தொடர்ந்து படிக்கையில் இரண்டு "அ"வும் மறைந்து முன்சொல்லோடு இணையும்.)

كتب المدرس جديدة: மூன்றாவது சொல் "புதியது" என்னும் பெண்பால் வடிவம். ஆசிரியர் ஆண்பால், ஆகவே அவரைச் சுட்டாது. அஃறிணைப் பன்மையை அரபு பெண்பால் ஒருமையாகவே நடத்தும். அந்த வடிவம் முதற்சொல்லைப் புத்தகங்கள் என்று காட்டிக்கொடுக்கிறது. குதுபு அல்-முதர்ரிஸி ஜதீதா: ஆசிரியரின் புத்தகங்கள் புதியவை.

கண் எப்போதும் வாய்க்கு இரண்டு மூன்று சொல் முன்னால் ஓட வேண்டும் என்பது இதனால்தான். சத்தமாகப் படிக்கும் புதியவர் முதற்சொல்லை உடனே "கதப" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சொல்லில் முட்டிக்கொண்டு திரும்புவார். வாக்கியத்தை ஒருமுறை மௌனமாகக் கண்ணால் கடந்துவிட்டுப் பிறகு வாய் திறப்பது நல்லது.

சொல்லின் கடைசிக் குறி

மேலே "முதர்ரிஸு", "முதர்ரிஸி" என்று முடிவு மாறியதைக் கவனித்திருப்பீர்கள். பெயர்ச்சொல்லின் கடைசிக் குறி பெரும்பாலும் வேற்றுமையைக் காட்டுவது. எழுவாய் உகரம், செயப்படுபொருள் அகரம், உடைமைக்கும் முன்னிடைச் சொல்லுக்கும் பின் இகரம். நம் ஐ, கு, இன் செய்யும் வேலை.

நிறுத்தும் இடத்தில் இந்தக் குறில் ஒலிக்காது. இது இலக்கணமே அனுமதிப்பது. வாக்கியத்தின் கடைசியில் "அத்தர்ஸ" என்பது "அத்தர்ஸ்" என்று நிற்கும். இன்றைய பேச்சிலும் உரைகளிலும் பலர் இடையில் வரும் முடிவுகளையும் விட்டுவிடுகிறார்கள். சொல்வரிசை பொருளைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே மௌனமாகப் படிப்பவருக்கும் சாதாரணமாகப் பேசுபவருக்கும் கடைசிக் குறியை விடுவதால் பெரிய இழப்பில்லை. தவறான முடிவைச் சொல்வதைவிட ஒற்றில் நிறுத்துவது மேல்.

பின்னால் "அவருடைய", "உன்னுடைய" போன்ற ஒட்டு சேர்ந்தால் அந்தக் குறில் சொல்லின் நடுவே வந்துவிடும். அப்போது அதை விட முடியாது. كتابك என்பதை முறையான அரபில் கிதாபுக, கிதாபக, கிதாபிக என்று இடத்துக்கேற்பச் சொல்லியாக வேண்டும். கேட்பவர் பெண் என்றால் கடைசி "க", "கி" ஆகும்.

விடுவதைவிடச் சேர்ப்பதில்தான் தமிழர்களுக்கு அதிகச் சறுக்கல். வல்லொற்றில் முடியும் பிறமொழிச் சொல்லுக்கு ஓர் உகரத்தைச் சேர்ப்பது நம் வழக்கம். கிதாப் "கிதாபு" ஆகும், பய்த் "பைத்து" ஆகும். நமக்கு அது வெறும் துணை ஒலி. அரபு காதுக்கு அது ளம்மா, எழுவாய் வேற்றுமை. "ஃபில் பய்து" என்று யாராவது சொன்னால், "வீட்டில்" என்று இகரம் வர வேண்டிய இடத்தில் தப்பான வேற்றுமையாகக் கேட்கும். ஒற்றிலேயே உதட்டை நிறுத்திப் பழகுங்கள். உண்மையாகவே ளம்மா வரும் இடத்தில் நம் குற்றியலுகரம் போல இதழ் விரியாமல், நன்றாகக் குவித்துச் சொல்லுங்கள்.

விட்டால் பொருள் மாறும் இடங்கள்

வாக்கியம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தீராத ஐயங்கள் சில உண்டு. நீங்கள் எழுதும்போது அங்கே ஒரு குறியாவது வைக்க வேண்டும். படிக்கும்போது அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

ஷத்து முதலிடம். درس خالد العربية في القاهرة என்ற வாக்கியத்தில் முதற்சொல் தரஸ என்றால் காலித் கெய்ரோவில் அரபு படித்தார். தர்ரஸ என்றால் கற்பித்தார். இரண்டும் முழுமையான, இயல்பான வாக்கியங்கள். ரா மேல் ஒரு ஷத்து வைத்தால் (درّس) சிக்கல் தீர்ந்தது. உயிர்க்குறி எதையும் இடாத எழுத்தாளர்களும் ஷத்தை மட்டும் அங்கங்கே இடுவதுண்டு. எனக்குக் கேட்டால், தொடக்க நிலையில் இருப்பவர் எழுதும்போது எல்லா ஷத்தையும் இட்டுவிடுவதே சரி. மற்றவை ஊகத்துக்கு உட்பட்டவை. ஷத்து மறைந்தால் ஒரு மெய்யே மறைகிறது.

அடுத்தது செயப்பாட்டு வினை. كتب الدرس என்பது "அவர் பாடத்தை எழுதினார்" என்றும் "பாடம் எழுதப்பட்டது" என்றும் ஆகும். செயப்பாட்டு வினை என்றால் செய்தித்தாளில்கூட முதலெழுத்தின் மேல் ஒரு ளம்மாவை இடுவதைப் பார்க்கலாம்: كُتب. அந்த ஒரு குறி போதும். "குதிப" என்று மீதி தானே வந்துவிடும். குறியிடாத உரையில் திடீரென ஒரே ஒரு குறி தெரிந்தால், அதை அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். இங்கே முதலில் தோன்றும் வாசிப்பு தவறு என்று எழுதியவர் எச்சரிக்கிறார்.

மூன்றாவது, தாவில் முடியும் இறந்தகால வினைகள். كتبت الرسالة என்பதை ஐந்து விதமாகப் படிக்கலாம். கதப்து: நான் எழுதினேன். கதப்த: நீ எழுதினாய், ஆணிடம். கதப்தி: நீ எழுதினாய், பெண்ணிடம். கதபத்: அவள் எழுதினாள். குதிபத்: கடிதம் எழுதப்பட்டது. கதையிலோ கடிதத்திலோ பேசுபவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்கும். தனித்த வாக்கியத்தில், பயிற்சித் தாளில், குறுஞ்செய்தியில் தெரியாது. தா மேல் ஒரு குறி வைத்துவிடுங்கள்.

செய்பவரையும் செய்யப்பட்டதையும் குறிக்கும் பெயர்களும் இப்படித்தான். مستخدم என்பது முஸ்தக்திம் என்றால் பயன்படுத்துபவர், முஸ்தக்தம் என்றால் பயன்படுத்தப்பட்டது. கணினித் திரையில் கணக்குப் பெயர் கேட்கும் இடத்தில் வந்தால் முன்னது. பழைய கார் விற்கும் விளம்பரத்தில் வந்தால் பின்னது. சின்னச் சொற்களில் من: மின் என்றால் "இருந்து", மன் என்றால் "யார்". இது அநேகமாக எல்லாப் பக்கத்திலும் வரும்.

குர்ஆனில் இந்தக் கணக்குகளுக்கே இடமில்லை. ஒரு குறியையும் விடாமல்தான் ஓத வேண்டும். 9ஆம் அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் "வ ரஸூலுஹு" என்ற சொல்லை ஒருவர் "வ ரஸூலிஹி" என்று படித்தார் என்றும், அதைக் கேட்டே அபுல் அஸ்வத் அத்துஅலீ குறியிடத் தொடங்கினார் என்றும் மரபில் சொல்வார்கள். சரியான வாசிப்பில், இணைவைப்போரை விட்டு இறைவனும் அவன் தூதரும் விலகியவர்கள். தவறான வாசிப்பில் இறைவன் தூதரை விட்டே விலகியவன் ஆகிவிடுகிறான். ஓர் உகரத்தின் தூரம் அவ்வளவு. அவர் வைத்தவை வண்ணப் புள்ளிகள். இன்றைய கோடு, வாவ் வடிவங்களை அமைத்தவர் 8ஆம் நூற்றாண்டின் அல்-கலீல் இப்னு அஹ்மத்.

முஸ்ஹஃபில் கண்ணுக்கு ஒரு பொறியும் உண்டு. பாடநூல்களில் சிறு வட்டம் சுகூன். மதீனா அச்சு முஸ்ஹஃபில் சுகூன் புள்ளியில்லாத خ எழுத்தின் தலை போல இருக்கும். அதில் அலிஃப், வாவ், யாவின் மேல் வரும் சிறு வட்டம் "இந்த எழுத்தை ஒலிக்காதே" என்பதற்கான குறி. எந்த அச்சைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் உள்ள குறி விளக்கத்தை முதலில் பாருங்கள்.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும், குறிப்பாகப் பிறமொழிப் பெயர்கள், வேரிலிருந்து சொல் வார்க்கும் அச்சில் அடங்காதவை. முன்பே தெரியாத பெயரைக் குறியின்றிச் சரியாகப் படிக்க அரபு மொழிக்காரராலும் முடியாது. அங்கே தடுமாறுவது உங்கள் குறை அல்ல.

பழகும் முறை

முழுக்கக் குறியிட்ட பாடத்தில் பத்து வரி எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர் கதை போதும். பொருள் தெரிந்துகொண்டு இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். பிறகு ஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றக் குறிகள் எதுவுமின்றி ஒரு தாளில் பெயர்த்து எழுதுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் படித்து மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

தவறுகளை இரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் குறி மட்டும் தவறினால் அதை ஒரு பக்கம் வையுங்கள். அது வாக்கிய இலக்கணம் படிக்கப் படிக்கச் சரியாகும். சொல்லின் நடுவில் தவறினால் அந்த அச்சு உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள். அந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. அதே அச்சில் இன்னும் நான்கைந்து சொற்களைத் தேடி எழுதுங்கள். பத்து வரியில் நடுத்தவறு மூன்றுக்கு மேல் போனால், ஷத்தோடு ஒவ்வொரு வினையின் முதற்குறியையும் சேர்த்து மறுபடி எழுதிப் படியுங்கள். இரண்டுக்குள் வந்தபின் ஷத்தையும் எடுத்துவிட்டு, இதுவரை பார்க்காத பாடத்துக்குப் போகலாம்.

கணினியில் எழுதுபவர்களுக்கு: விண்டோஸின் Arabic (101) விசைப்பலகையில் எழுத்தை முதலில் தட்டி, குறியை அதன் பின் தட்ட வேண்டும். ஃபத்ஹா `Shift+Q`, கஸ்ரா `Shift+A`, ளம்மா `Shift+E`, சுகூன் `Shift+X`. ஷத்து, எண் 1க்கு இடப்பக்க விசையை `Shift` உடன் அழுத்தினால் வரும். ஒவ்வொரு குறியும் தனி எழுத்தாகவே கோப்பில் சேர்வதால், சில செயலிகளில் كتب என்று தேடினால் كُتب அகப்படாது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் குறியோடும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.